நான்கு மணி நேர நேர்காணலிலிருந்து மூன்று நிமிட நன்கொடைக் காணொளி

கேள்வி: எங்கள் தொண்டூழியக் குழு, தனியாக வாழும் மூத்தோருக்கு மதிய உணவு சமைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நிதி திரட்டுவதற்காக ஆறு பேரை நேர்காணல் எடுத்திருக்கிறோம், மொத்தம் நான்கு மணி நேரம் வருகிறது. சமையற்கூடத்திலும் சிலர் வீடுகளிலும் இரண்டு நாள் படம் பிடித்திருக்கிறோம். மூன்று நிமிடக் காணொளி வேண்டும். எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. எதை எடுப்பது, எந்த வரிசையில் வைப்பது? தொகுப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பது இன்னொரு சிக்கல்.

பதில்:

தொகுப்பு மென்பொருளைத் திறப்பதற்கு முன்பாக, காணொளியின் முடிவில் நீங்கள் கேட்கப்போகும் வாக்கியத்தைத் தாளில் எழுதிவிடுங்கள். எவ்வளவு பணம், எந்தப் பொருளுக்கு, எப்போதைக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "எங்கள் சேவை தொடர ஆதரவு தாருங்கள்" என்று எழுதினால் அது போதாது. அந்த வாக்கியத்துக்கு நான்கு மணி நேர நேர்காணலில் உள்ள எந்தப் பேச்சும் பொருந்தும். அதனால்தான் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. கேட்பது இன்னதென்று தெளிவானவுடன், கையில் உள்ள பேச்சில் பெரும்பகுதி தானாகவே விலகிப்போவதைக் காண்பீர்கள்.

உங்களுடையதைப் போன்றே ஒரு குழுவுக்கு, சிங்கப்பூரின் ஈசூனில் நான் தொகுத்துக் கொடுத்த காணொளியை வைத்தே மற்றதைச் சொல்கிறேன். அந்தச் சமையற்கூடத்தில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 140 பேருக்குச் சமைக்கிறார்கள். சாப்பாடு போய்ச் சேர்வது பெரும்பாலும் ஓரறை வாடகை வீடுகளுக்கு. காய்கறியும் கோழியும் மீனும் வைக்கும் கோல்ட் ரூம் பழையதாகி, அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்தது. புதியது போட 46,000 வெள்ளி ஆகும் என்றார்கள். அவர்களும் ஆறு பேரிடம் பேசியிருந்தார்கள். குழுத் தலைவர், பொருளாளர், சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சாப்பாடு கொண்டுபோகும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சாப்பாடு வாங்கும் 79 வயதுப் பாட்டி, ஏற்கெனவே நன்கொடை கொடுத்திருந்த வணிகர் ஒருவர்.

முதலில் நான் தொகுத்தது தவறான வரிசையில். தலைவர் குழு தொடங்கிய கதையைச் சொன்னார், பொருளாளர் இதுவரை கொடுத்த சாப்பாட்டு எண்ணிக்கையைச் சொன்னார், பாட்டி நன்றி சொன்னார், வணிகர் பாராட்டினார், கடைசியில் கோல்ட் ரூம் வேண்டும் என்று ஓர் அட்டை வந்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், கைதட்டினார்கள். ஆனால் காணொளி எதற்குப் பணம் கேட்டது என்று அவர்களில் இருவரைக் கேட்டபோது, ஒருவர் சாப்பாட்டுக்கு என்றார், மற்றவர் வண்டிக்கு என்றார்.

அந்தத் தொகுப்பில் எல்லாம் ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது. சாப்பாடு போகிறது, பாட்டி சாப்பிடுகிறார், எல்லாரும் மகிழ்ச்சி. அது ஆண்டு நிறைவு விழாவில் போடுவதற்கு ஏற்ற படம். நன்கொடை கேட்கும் காணொளியில் இன்னும் நிறைவேறாத ஒன்று கண்முன் இருக்க வேண்டும், அது காணொளி முடியும்போதும் நிறைவேறாமலே இருக்க வேண்டும். பார்ப்பவர் கொடுத்தால்தான் அது நிறைவேறும் என்பதால், அந்த இடைவெளியை நாமே இசையாலும் நன்றியாலும் மூடிவிட்டால் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. உங்கள் பொருளில் அந்த இடைவெளி எது என்று தேடுவதுதான் நேர்காணல்களைப் படிக்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை.

ஈசூனில் அது எனக்கு இரண்டாவது வாசிப்பில்தான் கண்ணில் பட்டது. பாட்டியின் நேர்காணலில், பதினெட்டாவது நிமிடத்தில், யாரும் கேட்காமலேயே அவர் சொல்கிறார்: "வெள்ளிக்கிழமைன்னா மீனு வரும். இப்ப வர்றதில்ல. நானும் கேக்கல." அக்காவின் நேர்காணலில், வேறோர் இடத்தில், அதற்கான காரணம் இருக்கிறது. கோல்ட் ரூம் ஒரு சனிக்கிழமை இரவு நின்றுபோய், ஞாயிறு முழுவதும் யாரும் பார்க்காமல், திங்கள் காலை உள்ளே இருந்த அத்தனை கோழியையும் மீனையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மீனை வாங்கி வைக்க அவர் துணியவில்லை. கோழியை மட்டும் அன்றன்றைக்குச் சந்தையில் வாங்கிச் சமைக்கிறார். பாட்டிக்கு அந்தக் காரணம் தெரியாது, பாட்டி மீனை எதிர்பார்த்தது அக்காவுக்குத் தெரியாது. இரண்டு பேச்சையும் அடுத்தடுத்து வைத்தவுடன் கோல்ட் ரூம் வெறும் இயந்திரமாக இல்லாமல் போனது.

அடுத்து, கேட்கும் தொகையைப் பற்றி. 46,000 வெள்ளியில் 18,000 ஏற்கெனவே உறுதியாகியிருந்தது, மீதி 28,000. பொருளாளர் "104 வெள்ளி கொடுத்தால் ஒருவருக்கு ஒரு மாதச் சாப்பாடு" என்று போட விரும்பினார். ஒரு சாப்பாட்டுக்கு 4 வெள்ளி, மாதத்துக்கு 26 நாள் என்ற அவருடைய கணக்கு சரியானதுதான், மனத்திலும் எளிதில் பதியும். ஆனால் திரட்டும் பணம் சாப்பாட்டுக்குப் போகவில்லை, கோல்ட் ரூமுக்குப் போகிறது. நன்கொடை திரட்டுபவர் தரும் தகவல் துல்லியமாகவும் ஆளைத் திசைதிருப்பாததாகவும் இருக்க வேண்டும், சொன்ன நோக்கத்துக்கே பணம் செலவாக வேண்டும் என்பது இங்கே அறநிறுவனங்களுக்குச் சட்டமாகவே உள்ள கடமை. எனவே 28,000-ஐ 140 பேருக்குப் பிரித்தோம். ஆளுக்கு 200 வெள்ளி வந்தது. "இன்னும் 28,000 வெள்ளி வேண்டும். ஒரு மூத்தவரின் பங்கு 200 வெள்ளி" என்பதே கேட்கும் வாக்கியத்தில் தொகைக்குரிய பகுதியாயிற்று. உங்கள் கணக்கு இப்படி முழு எண்ணாக வராமல் போகலாம். அப்போதும் வாங்கப்போகும் பொருளையே பங்கிடுங்கள், வேறொன்றாக மாற்றிச் சொல்லாதீர்கள்.

இனி நேர்காணல்களை எழுத்தாக்குங்கள். நான்கு மணி நேரம் என்பது எழுத்தில் ஏறத்தாழ 18,000 சொல் வரும். மூன்று நிமிடக் காணொளியில் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது பேச்சில்லாமல் இருக்க வேண்டும். நான் எண்ணிப் பார்த்த வரையில் தமிழில் நிதானமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு 90 அல்லது 100 சொல்தான் பேசுகிறார், அதாவது உங்களுக்குக் கிடைப்பது 180 சொல், நூற்றுக்கு ஒன்று. இந்த விகிதத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பாதி பேச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வேதனை இல்லை. தாளில் 180 சொல்லுக்கு வரும்வரை மென்பொருளைத் தொட வேண்டாம்.

எழுத்தாக்கும்போது, தொகுப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது, இதனால்தான் பல காணொளிகளில் பேச்சு நடுவில் வெட்டுப்பட்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் முக்கிய வினை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வரும். மொழிபெயர்ப்பைப் பார்த்து "கருத்து இங்கே முடிந்துவிட்டது" என்று அவர் வெட்டும் இடத்தில், தமிழ்ப் பேச்சு இன்னும் முடிந்தே இருக்காது. பேச்சு மொழியில் உள்ளபடியே தமிழில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் குறித்து, பக்கத்துப் பத்தியில் மொழிபெயர்ப்பை வையுங்கள். எங்கே வெட்டுவது என்பதைத் தமிழ் தெரிந்த ஒருவர் தமிழ்ப் பத்தியில்தான் குறிக்க வேண்டும்.

வெட்டுவதில் தமிழுக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஓட்டுநர் அண்ணன் சொன்னது இது: "லிஃப்டுல ஏறிப் போயி, பைய கீழ வச்சுட்டு, கதவத் தட்டி, அவங்க மெதுவா நடந்து வர்ற வரைக்கும் நின்னு, சாப்பாட்டக் கையில குடுத்துட்டு, ஒரு நிமிஷம் பேசிட்டுத்தான் வருவேன்." பதினைந்து விநாடிக்கு மேல் போகும் வாக்கியம். இதைச் சுருக்க "கையில குடுத்துட்டு" என்ற இடத்தில் நிறுத்தினால், குரல் மேலே ஏறி நிற்கும். கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார், அதற்குள் வேறொருவர் பேசத் தொடங்கியிருப்பார். மாறாக, கடைசி வினையை வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கண்ணிகளை எடுத்துவிட்டால் வாக்கியம் உடைவதில்லை: "கதவத் தட்டி, ஒரு நிமிஷம் பேசிட்டுத்தான் வருவேன்." ஐந்து விநாடிதான். ஒட்டிய இடத்தில் முகத்தைக் காட்டாமல், கதவைத் தட்டும் கையைக் காட்டினால் போதும். நீண்ட வாக்கியத்தை வாலில் வெட்டாமல் வயிற்றில் வெட்டுங்கள் என்று நான் உடன் வேலை செய்பவர்களிடம் சொல்வதுண்டு.

வாலில் வெட்டுவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. "சாப்பாடு சரியில்லன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல" என்று பாட்டி சொல்லியிருந்தார். முதல் இரண்டு சொல்லோடு நிறுத்தினால் பொருள் தலைகீழாகிவிடும். இது எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது. ஆனால் "முன்னல்லாம் தனியாத்தான் கெடந்தேன், இப்ப பரவால்ல" என்பதில் முன்பாதியை மட்டும் எடுத்து, இன்றைய நிலையாகக் காட்டுவது கண்டுபிடிக்கக் கடினமானது, அதனாலேயே அதிகம் நடக்கிறது. நேர்காணல் கொடுத்தவர் தம் பேச்சைத் திரும்பக் கேட்டால், "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்வாரா என்பதுதான் என் அளவுகோல். இரண்டு இடத்துப் பேச்சை ஒட்டும்போதெல்லாம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கில சப்டைட்டில் போடும்போதும் இதே வினை வரிசை தொந்தரவு தரும். பாட்டி "வெள்ளிக்கிழமைன்னா மீனு வரும்" என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, "இப்ப வர்றதில்ல" என்கிறார். இரண்டையும் ஒரே சப்டைட்டிலாகப் போட்டால் பார்ப்பவர் முடிவை முன்பே படித்துவிடுவார், பாட்டி நிறுத்திய அந்தக் கணம் வீணாகிவிடும். இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை அவர் வாய் திறக்கும் நேரத்தில் போடுங்கள்.

யாருடைய பேச்சை வைப்பது என்பதற்கு வருகிறேன். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காக மட்டுமே காணொளியில் இருக்க வேண்டும். பாட்டி தம் வெள்ளிக்கிழமையைச் சொல்ல முடியும். கோல்ட் ரூம் நின்ற நாளை அக்காதான் சொல்ல முடியும். கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை அண்ணன்தான் சொல்ல முடியும். பணத்துக்குப் பொறுப்பேற்றுக் கேட்கும் உரிமை தலைவருக்கு இருக்கிறது. வணிகரின் பாராட்டை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எனவே அவர் வெளியே. பொருளாளரின் ஐம்பது நிமிடமும் வெளியே போயிற்று. அவருக்கு அது வருத்தம்தான். அவர் சேர்த்துத் தந்த கணக்குகளைக் காணொளியின் கீழே எழுதும் விளக்கத்தில் முழுமையாகக் கொடுத்தோம். கணக்கு பார்த்துக் கொடுப்பவர்கள் அங்கேதான் தேடுவார்கள்.

எண்களைப் பேச்சின் நடுவில் வைக்க நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 டாலர்தான், கதையோடு எண்ணும் சேர்ந்தால் பலம் கூடும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக, எண் கதையைக் கீழே இழுத்துவிட்டது. சிறு தொகையை வைத்துச் செய்த சோதனை என்பதால் இதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பாட்டியின் முகத்துக்கும் அக்காவின் விளக்கத்துக்கும் இடையில் "இதுவரை இத்தனை ஆயிரம் சாப்பாடு" என்ற அட்டையை நான் வைப்பதில்லை. எண்கள் கேட்கும் வாக்கியத்தில் வரட்டும், அதுவும் இரண்டே இரண்டு.

கடைசியில் வந்த வரிசை இப்படி அமைந்தது. முதல் படம் கோல்ட் ரூம் கதவில் உள்ள வெப்பநிலைக் காட்டி. அது 11 என்று காட்டுகிறது. கதவின் அடியில் ஈரத்துண்டு சுருட்டிச் செருகப்பட்டிருக்கிறது, ரப்பர் விளிம்பு பிய்ந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது, உள்ளே கம்ப்ரஸர் விட்டுவிட்டு உறுமுகிறது. பன்னிரண்டு விநாடி பேச்சே இல்லை. பிறகு அக்காவின் குரல்: "காலையில வந்ததும் அடுப்பப் பாக்க மாட்டேன். இந்த நம்பரத்தான் பாப்பேன். நாலுக்கு மேல போகக் கூடாது." அவர் முகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. குளிரூட்டிய உணவை 4 பாகைக்கு மேல் விடக்கூடாது என்ற விதியைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 11 என்ற எண்ணைப் பார்த்தவர் "நாலு" என்று கேட்கும்போது தாமே கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

இருபத்தைந்தாவது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை சமையலும் கட்டுவதும் கொண்டுபோவதும். இதில் பேச்சு அண்ணனுடைய அந்த ஒரு வாக்கியம்தான். பாட்டியின் கதவு திறக்கும் இடத்தில் இந்தப் பகுதி முடிகிறது. ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றேமுக்கால் நிமிடம் வரை பாட்டியின் வீடு: பொட்டலத்தைத் தட்டில் மாற்றுகிறார், பக்கத்தில் ஒரு கிண்ணம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை மீனைப் பற்றிச் சொல்கிறார். பிறகு அக்கா, அந்தத் திங்கள்கிழமை காலை என்ன நடந்தது என்பதை இருபது விநாடியில் சொல்கிறார். பாட்டியின் வீட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் குரல் தொடங்கிவிடுகிறது. குரலை முன்னே விட்டுப் படத்தைப் பின்னே கொண்டுவந்ததால் இரண்டும் ஒரே கதை என்பது சொல்லாமலே விளங்கியது. இரண்டேகால் நிமிடத்தில் தலைவர் நேராகக் கேட்கிறார். கடைசி இருபது விநாடி அட்டை. அதன் கீழே இசை இல்லை, அதே கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருக்கிறது.

படப்பிடிப்புக் காட்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் பேச்சின் மேல் போர்த்துவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் "சமையல்" என்றால் கரண்டி வருகிறது, "அன்பு" என்றால் கைகோத்த படம் வருகிறது. அப்படிப் போர்த்திய காட்சி எதையும் மெய்ப்பிப்பதில்லை. உங்கள் இரண்டு நாள் காட்சியை ஒரு முறை ஒலியோடு முழுவதும் பார்த்து, பேச்சில் சொன்னதைக் கண்ணால் காணக்கூடிய ஷாட்டுகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். 11 என்ற எண், செருகிய துண்டு, காலிக் கிண்ணம் ஆகிய மூன்றும் எங்கள் காணொளியின் பாரத்தைத் தாங்கின. அவற்றில் வெப்பநிலைக் காட்டி முதல் படப்பிடிப்பில் இல்லவே இல்லை; தாளில் வரிசை முடிந்த பிறகு, எது குறைகிறது என்று தெரிந்து, அரை நாள் மறுபடியும் போய் எடுத்தோம். அந்த அரை நாளை உங்கள் அட்டவணையில் இப்போதே ஒதுக்கிவையுங்கள். அப்படிப் போகும்போது ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வயிற்றில் வெட்டிய வாக்கியங்களின் ஒட்டுகளை மறைக்க அந்த ஒலிதான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஒட்டிலும் பின்னணி இரைச்சல் சட்டென்று மாறுவது காதில் விழும்.

கேட்கும் இடத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கேட்பதற்கு வெட்கப்பட்டு இசையை உயர்த்திவிடுவது. அந்த இடத்தில் இசை நின்றால்தான் தொகை காதில் விழும். இரண்டாவது, அட்டையை ஐந்து விநாடியில் எடுத்துவிடுவது. விருந்து மண்டபத்தில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, வங்கிச் செயலியைத் திறந்து, பேநவ் கியூஆர் குறியீட்டை நோக்கிப் பிடிக்க அரை நிமிடம் ஆகும். காணொளி முடிந்த பிறகும் அதே அட்டையைத் திரையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, அதே காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பார்ப்பவர் தம் கைப்பேசித் திரையில் உள்ள குறியீட்டை அதே கைப்பேசியால் எப்படிப் பிடிப்பார் என்று யோசிக்காமல் இருப்பது. அனுப்பும் செய்தியிலேயே நன்கொடைப் பக்கத்தின் முகவரியைத் தட்டக்கூடிய இணைப்பாகக் கொடுங்கள்.

உங்கள் குழுவுக்கோ, உங்கள் சார்பாகப் பணத்தைப் பெறும் அறநிறுவனத்துக்கோ நன்கொடையாளருக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் ஐபிசி தகுதி இருந்தால் மட்டுமே அந்தக் கழிவைப் பற்றிச் சொல்லலாம். 2026 டிசம்பர் 31 வரை கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு 250 விழுக்காடு கழிவு உண்டு. அதாவது 200 வெள்ளி கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்திலிருந்து 500 வெள்ளி கழிக்கப்படும். வரியிலிருந்தே 500 வெள்ளி குறையும் என்று பொருளல்ல, இதைத் தவறாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அட்டையில் ஒரு வரியாக இது போதும். தலைவர் வாயால் சொல்ல வைத்தால், பாட்டியிடமிருந்து பார்ப்பவரின் கவனம் அவருடைய வரிப் படிவத்துக்குப் போய்விடும்.

முதல் தொகுப்பு முடிந்ததும், உங்கள் குழுவோடு தொடர்பில்லாத மூவரிடம் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். எவ்வளவு கேட்டோம், எதற்குக் கேட்டோம், கொடுக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு இருவரால் பதில் சொல்ல முடியாவிட்டால், வரிசையில்தான் கோளாறு. நிறத்தையும் இசையையும் திருத்திப் பயனில்லை. பிறகு நீங்களே ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக் கேட்டபோது, அக்கா "அது நின்னுபோச்சு" என்று சொல்லும் "அது" எது என்று எனக்கே புரியவில்லை. கேள்வியை வெட்டியதால் எழுவாய் காணாமல் போயிருந்தது. அவர் பேசிய வேறோர் இடத்திலிருந்து "கோல்ட் ரூம்" என்ற சொல்லை எடுத்து ஒட்டலாம் என்று தோன்றும்; குரலின் ஏற்றம் பொருந்தாது. அந்தச் சொல்லுக்கு முன்னே கோல்ட் ரூம் கதவின் படத்தை இரண்டு விநாடி வைத்ததும் சரியாயிற்று.

எல்லாவற்றுக்கும் பிறகு, வெளியிடுவதற்கு முன், காணொளியில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் முழுத் தொகுப்பையும் காட்டுங்கள். படம் பிடித்த அன்று அவர்கள் கையெழுத்திட்டது தங்களைப் படம் பிடிக்கத்தான். எந்தக் கதைக்குள் தாங்கள் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த ஒப்புதலை அவர்கள் பிறகு மீட்டுக்கொள்ளவும் முடியும். வீட்டு எண், கடிதங்களில் உள்ள பெயர், மருந்து உறை, மருத்துவமனைச் சீட்டு ஆகியவை பின்னணியில் தெரிகின்றனவா என்று ஷாட் ஷாட்டாகப் பெரிய திரையில் பாருங்கள்; கைப்பேசித் திரையில் இவை தப்பிவிடும்.

பாட்டியிடம் அவருடைய வீட்டிலேயே மடிக்கணினியில் காட்டினோம். மீனைப் பற்றிய பேச்சை இருக்கட்டும் என்றார். காலிக் கிண்ணத்தையும் விட்டுவிடச் சொன்னார், அது உண்மைதானே என்றார். மேசையில் மாத்திரை உறைகள் தெரிந்த நான்கு விநாடியை மட்டும், பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள் என்று எடுத்துவிடச் சொன்னார். அந்த இடத்தில் இப்போது அவர் ஜன்னலோரம் வைத்திருக்கும் துளசித் தொட்டி இருக்கிறது.